சாவிக்கு முன் கையெழுத்து: ஸ்பெயினில் வாடகைக் காரும் டாக்சியும்

ஸ்பெயினின் தென்கரையில் இருக்கிறது மாலகா. அந்நாட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் அந்த விமான நிலையத்தில் இறங்கியதும் நேராக வாடகைக் கார் கவுண்டருக்குப் போகிறார்கள். இணையத்தில் ஒரு வாரத்துக்கு 140 யூரோ என்று பார்த்துப் பதிவு செய்திருப்பார்கள். கவுண்டரில் நிற்பவர் சிரித்த முகத்துடன் ஒரு தாளை நீட்டி, இன்னும் 168 யூரோ கொடுத்தால் நிம்மதியாக ஓட்டலாம் என்பார். பின்னால் வரிசை நீண்டிருக்கும், குழந்தை தூக்கத்தில் சிணுங்கும், ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இருக்கும். பெரும்பாலோர் அந்த நிமிடத்தில் எதையோ ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த 168 யூரோவைக் கேட்பது மோசடி அல்ல. அதை எல்லோரும் கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் ஓர் எண்ணையும், உங்கள் கடன் அட்டையின் வரம்பையும் பொறுத்து அது மாறும். வாடகைக் கார் விவகாரத்தில் பணம் போவதும் தங்குவதும் மூன்று இடங்களில்தான்: காப்பீட்டில், கார் சேதப் பதிவில், எரிபொருளில். மூன்றையும் தீர்ப்பது வாயால் சொன்ன வார்த்தை அல்ல, தாளில் எழுதியிருப்பது. அதைப் படிக்கவும், எழுதித் தரச் சொல்லிக் கேட்கவும் கொஞ்சம் ஸ்பானியச் சொற்கள் போதும்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. சில எழுத்துகளை மாட்ரிட் பக்கம் நாக்கைப் பல்லில் வைத்து மென்மையான தகரம்போல ஒலிப்பார்கள். தெற்கில் பல ஊர்களிலும் லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் அவை சகரமாகவே ஒலிக்கும். இங்கே சகரமாகவே எழுதியிருக்கிறேன். எந்த ஊரிலும் அது புரியும்.

புறப்படும் முன் இரண்டு ஆவணங்கள்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு போக வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை வாங்கலாம். ஓராண்டு செல்லும். அனுமதி மட்டும் இருந்தால் போதாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் பணம் கட்டிய பிறகும் காரைத் தர மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஸ்பெயினில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், கியர் வலது கைக்கு வரும். பழக்கமில்லாதவர்கள் பதிவு செய்யும்போதே 'அவுத்தோமாத்திக்கோ' என்று தானியங்கி கியர் காரைக் கேட்டு வாங்குவது நல்லது. சாதாரணக் கார் கியரை மாற்றி ஓட்டும் 'மானுவல்' ஆகத்தான் இருக்கும்.

அடுத்தது கடன் அட்டை. அதில் ஓட்டுநரின் பெயர் இருக்க வேண்டும். மனைவி பெயரில் அட்டை, கணவர் பெயரில் ஒப்பந்தம் என்றால் கவுண்டரிலேயே சிக்கல் தொடங்கும். டெபிட் அட்டையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பயணத்துக்காக முன்கூட்டிப் பணம் நிரப்பிக்கொள்ளும் அந்நியச் செலாவணி அட்டையை ஏற்பவர்கள் அதைவிடக் குறைவு. இதற்குக் காரணம் பிணைத்தொகை. ஸ்பானியத்தில் அது 'ஃபியான்சா'. நிறுவனம் அந்தத் தொகையை எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் அட்டை வரம்பில் அந்த அளவை மட்டும் தடுத்து வைக்கும். கார் நல்லபடியாகத் திரும்பினால் சில நாட்களில் தடை விலகும். அதுவரை அந்தத் தொகையை நீங்கள் ஓட்டலுக்கோ கடைக்கோ செலவழிக்க முடியாது.

ஒரே ஓர் எண்: ஃப்ராங்கீசியா

ஸ்பெயினில் பதிவான ஒவ்வொரு காருக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதை 'செகூரோ அ தெர்செரோஸ்' என்பார்கள். நீங்கள் இன்னொருவர் வண்டியை இடித்தால், ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் அந்தக் காப்பீடு ஈடு கொடுக்கும். வாடகைக் காருக்கு நேரும் சேதம் அதில் அடங்காது.

அதற்காகத்தான் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது. 'அ தோதோ ரியெஸ்கோ கோன் ஃப்ராங்கீசியா' என்று எழுதியிருக்கும். எல்லா ஆபத்துக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் முதல் இத்தனை யூரோ உங்கள் பொறுப்பு என்பது அதன் பொருள். நீங்கள் சுமக்க வேண்டிய அந்த முதல் தொகையே ஃப்ராங்கீசியா. சிறிய காருக்குக்கூட அது பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டும். பிணைத்தொகையும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்து ஓட்டிப் பார்ப்போம். வாடகை ஏழு நாளுக்கு 140 யூரோ, ஃப்ராங்கீசியா 1,200 யூரோ என்று கொள்வோம். நிறுத்துமிடத்தில் தூணில் உரசிக் கதவு நசுங்குகிறது. பழுதுபார்க்க 700 யூரோ ஆகிறது. அந்த 700-ம் உங்களுடையது, ஏனென்றால் அது 1,200-க்குள் இருக்கிறது. பெரிய விபத்தில் 5,000 யூரோ சேதம் என்றால் உங்கள் பங்கு 1,200, மீதி நிறுவனத்துடையது. ஆக, சின்னச் சின்னச் சேதங்களில் காப்பீடு உங்களுக்கு எதுவும் தருவதில்லை. நகரத்துக் குறுகிய சந்துகளில் நேருவதோ பெரும்பாலும் சின்னச் சேதங்கள்தான்.

கவுண்டரில் கேட்கும் கூடுதல் பணம் இந்த 1,200-ஐப் பூச்சியமாக்குவதற்கு. அப்படி ஆக்கினால் அது 'சின் ஃப்ராங்கீசியா'. 'சின்' என்றால் இல்லாமல். நம் எடுத்துக்காட்டில் நாளுக்கு 24 யூரோ வீதம் ஏழு நாளுக்கு 168. வாடகையைவிடக் காப்பீடு அதிகம். ஆனால் இதை வாங்கினால் பிணைத்தொகை வெகுவாகக் குறையும், சேதம் நேர்ந்தாலும் அங்கேயே கணக்கு முடிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. ஃப்ராங்கீசியாவை மட்டும் ஈடுசெய்யும் காப்பீட்டை வாடகை நிறுவனத்தோடு தொடர்பில்லாத காப்பீட்டாளர்கள் தனியாக விற்கிறார்கள். நாளுக்கு 5 யூரோ என்று வைத்தால் ஏழு நாளுக்கு 35. விலை குறைவுதான். ஆனால் அது வேலை செய்யும் முறை வேறு. சேதம் நேர்ந்தால் வாடகை நிறுவனம் முதலில் உங்கள் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரசீது, ஒப்பந்தம், சேத அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு அந்தக் காப்பீட்டாளர் உங்களுக்குத் திருப்பித் தருவார். அதனால் 1,200 யூரோ, அதாவது ஒரு லட்ச ரூபாய்க்கு மேல், பிணைக்காகத் தடுத்து வைக்க உங்கள் அட்டையில் இடம் இருக்க வேண்டும். சில காப்பீட்டாளர்கள் குறிப்பிட்ட நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே விற்பார்கள். இந்தியாவில் வசிப்பவருக்குச் செல்லுமா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எடுத்திருக்கும் பயணக் காப்பீட்டில் இந்த அம்சம் இருக்கிறதா, எவ்வளவு வரை என்றும் படித்துப் பார்க்கலாம்.

என் தீர்ப்பு இது. அட்டையில் வரம்பு தாராளமாக இருந்தால், உங்களுக்குச் செல்லுபடியாகும் தனிக் காப்பீடும் கிடைத்தால் அதுவே சிக்கனம். வரம்பு குறைவு என்றால், அல்லது ஊர் திரும்பிய பின் கடிதப் போக்குவரத்து நடத்த மனமில்லை என்றால், கவுண்டரில் கேட்பதைக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தொகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தே 140 யூரோ மலிவா என்று முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் இடத்திலேயே 'சின் ஃப்ராங்கீசியா' விலையைக் காட்டும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றின் 230 யூரோ, முன்னதன் 308 யூரோவைவிட மலிவு.

கவுண்டரில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

"குவாந்தோ எஸ் லா ஃப்ராங்கீசியா?" — ஃப்ராங்கீசியா எவ்வளவு?

"கே நோ கூப்ரே எல் செகூரோ?" — காப்பீடு எதை ஈடு செய்யாது?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'எல்லா ஆபத்தும்' என்று தலைப்பில் இருந்தாலும், விலக்குப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் சில சொற்கள் உண்டு. 'லூனாஸ்' என்றால் கண்ணாடிகள், 'ருவேதாஸ்' சக்கரங்கள், 'பாஹோஸ்' காரின் அடிப்பகுதி, 'தேச்சோ' கூரை, 'யாவேஸ்' சாவிகள். இவற்றில் எது விலக்கில் இருக்கிறதோ அதன் சேதம் முழுக்க உங்கள் தலையில் விழும். தவறான எரிபொருள் நிரப்பியதும், குடித்துவிட்டு ஓட்டியதும், ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் ஓட்டியதும் பொதுவாக எந்தப் பாதுகாப்பிலும் வராது. கணவன் மனைவி இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாவது ஓட்டுநரின் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

பணம் கட்டும் கருவி சில சமயம் யூரோவா ரூபாயா என்று கேட்கும். "என் எவ்ரோஸ், போர் ஃபபோர்" என்று யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்தக் கருவியின் பின்னால் இருக்கும் நிறுவனம் தீர்மானிக்கும். அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருப்பதே வழக்கம்.

சக்கரம் உருளும் முன் பதினைந்து நிமிடம்

சாவியோடு காரின் படம் வரைந்த ஒரு தாளும் வரும். ஏற்கெனவே உள்ள சேதங்கள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சில நிறுவனங்களில் அது கைபேசித் திரையில் வரும். எப்படி வந்தாலும் அதுவே சாட்சி. அதில் இல்லாத கீறல் எதுவும் நீங்கள் போட்டதாகவே கொள்ளப்படும்.

வண்டிகள் நெருக்கமாக நிற்கும் இருண்ட நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் பெரும்பாலும் காரைத் தருவார்கள். அங்கே கீறல் தெரியாது. கைபேசி விளக்கைப் போட்டு, உடலைச் சாய்த்து, ஒளி பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பார்க்க வேண்டும். முன்பக்க இடது மூலையில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வந்து அதே இடத்தில் முடியுங்கள், எதுவும் விடுபடாது. கதவுகளை எல்லோரும் பார்ப்பார்கள். சண்டை வருவது வேறு இடங்களில். சக்கரத்தின் உலோக வளையம், அதாவது 'யாந்தா', நடைபாதைக் கல்லில் உரசி உரிந்திருக்கும். முன் பம்பரின் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி இருக்கலாம். பக்கக் கண்ணாடியின் வெளிமுனை, பின்பெட்டியின் விளிம்பு, கூரை, இருக்கைத் துணி ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

சுற்றி வரும்போதே நிறுத்தாமல் ஒரு காணொளி எடுங்கள். வண்டி எண்ணில் தொடங்கி நான்கு பக்கமும் போய், கடைசியில் உள்ளே எரிபொருள் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் தெரிய முடியுங்கள். துண்டு துண்டான படங்களைவிட வெட்டில்லாத ஒரே காணொளிக்கு மதிப்பு அதிகம். இந்தக் கார்தானா, இந்த நாள்தானா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

புதிய கீறல் கண்டால் காரை எடுக்காமல் ஊழியரை அழைக்க வேண்டும். பேச்சு இப்படிப் போகும்:

"அக்கீ ஐ ஊன் அரன்யாசோ." — இங்கே ஒரு கீறல் இருக்கிறது.

"நோ பாசா நாதா." — பரவாயில்லை, ஒன்றும் ஆகாது.

"புவேதே அபுந்தார்லோ, போர் ஃபபோர்?" — தயவுசெய்து அதைக் குறித்துத் தர முடியுமா?

'நோ பாசா நாதா' என்று அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு வாரம் கழித்து நீங்கள் காரைத் திருப்பித் தரும்போது அங்கே நிற்பவர் வேறு ஆளாக இருப்பார். அவர் கையில் தாள் மட்டும்தான் இருக்கும். அதனால் மூன்றாவது வரியை விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். கீறல் 'அரன்யாசோ', இடிபட்ட தடம் 'கோல்பே', நசுங்கிய குழி 'அபோயாதூரா'. மூன்றும் தெரிந்திருந்தால் தாளில் அவர் எழுதியது சரியா என்றும் சரிபார்க்கலாம். குறித்துத் தர ஆளே இல்லை என்றால், அங்கிருந்து கிளம்பும் முன்பே படங்களை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் உங்கள் பக்கம் பேசும்.

கிளம்பும் முன் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, அல்லது ஓட்டை அடைக்கும் கருவிதானா? ஒளிரும் மேலங்கி எங்கே? 2026 ஜனவரி 1 முதல் ஸ்பெயினில் பதிவான கார்களில் எச்சரிக்கை முக்கோணத்துக்குப் பதிலாக வி-16 என்ற ஒளிவிளக்கு கட்டாயமாகிவிட்டது. கார் நின்றுபோனால் சன்னல் வழியே கையை நீட்டி அதைக் கூரையில் வைக்கலாம், சாலையில் இறங்கி நடக்க வேண்டியதில்லை. அது எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுவையுங்கள். 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை கூட வந்தால் குழந்தை இருக்கை வேண்டும். அதையும் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

நிறைந்த தொட்டி, காலித் தொட்டி

எரிபொருள் விதியில் பார்க்க வேண்டிய சொல் 'யேனோ'. நிறைந்தது என்று பொருள். 'யேனோ – யேனோ' என்றால் நிறைந்த தொட்டியோடு தருவார்கள், நிறைத்தே திருப்பித் தர வேண்டும். இதுதான் நியாயமான விதி. 'யேனோ – வாசீயோ' என்றால் முழுத் தொட்டிக்கும் முன்பே பணம் வாங்கிக்கொண்டு, காலியாகத் திருப்பித் தரலாம் என்பார்கள்.

காலியாகத் தரலாம் என்பது சலுகைபோலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். மாலகாவிலிருந்து ரோண்டா, அங்கிருந்து கிரனாதா, திரும்ப மாலகா என்று சுற்றினால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் 24 லிட்டர் செலவாகும். லிட்டர் 1.50 யூரோ என்று வைத்தால் 36 யூரோ. 'யேனோ – யேனோ' விதியில் உங்கள் செலவு அவ்வளவுதான். இன்னொரு விதியில் 45 லிட்டர் தொட்டிக்கு 67.50 யூரோவும், அதன்மேல் நிரப்பியதற்கான கட்டணம் 30 யூரோவும் சேர்ந்து 97.50 ஆகிறது. தொட்டியில் மீதமிருக்கும் 21 லிட்டருக்குப் பணம் திரும்பாது. வாரம் முழுதும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக்கூட அந்த 30 யூரோ நட்டம்தான். அதனால் பதிவு செய்யும்போதே 'யேனோ – யேனோ' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எரிபொருள் நிலையத்துக்குப் பெயர் 'கசோலினேரா'. பெட்ரோல் 'கசோலினா' அல்லது 'சின் ப்ளோமோ 95' என்றும், டீசல் 'தியெசெல்' அல்லது 'கசோலியோ' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். சொல் மறந்தாலும் வடிவம் காப்பாற்றும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2018 அக்டோபரிலிருந்து பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்ற அடையாளம் இருக்கிறது. வட்டத்துக்குள் E5 அல்லது E10 என்றும், சதுரத்துக்குள் B7 என்றும் இருக்கும். புதிய கார்களில் எரிபொருள் மூடியின் உள்ளேயும் அதே அடையாளம் உண்டு. இரண்டும் பொருந்தினால் நிரப்பலாம். மாறி நிரப்பிவிட்டால் எஞ்சினை இயக்கவே கூடாது. இயக்காத வரை தொட்டியைக் காலி செய்து கழுவுவதோடு போகும். இயக்கினால் எரிபொருள் செல்லும் பாதை முழுக்கக் கெட்டுச் செலவு பல மடங்காகும். அதைக் காப்பீடு தராது என்பதை மேலே பார்த்தோம்.

பல நிலையங்களில் முதலில் பணம் கட்டிய பிறகுதான் குழாய் வேலை செய்யும், குறிப்பாக இரவில். உள்ளே போய்க் குழாய் எண்ணைச் சொல்ல வேண்டும். நான்காம் குழாய் என்றால் "எல் குவாத்ரோ". ஆளே நிரப்பித் தரும் இடத்தில் "யேனோ, போர் ஃபபோர்" போதும். திருப்பித் தரும் நாளில் விமான நிலையத்துக்கு அருகில் நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அருகிலேயே நிரப்பிய ரசீதைக் காட்ட வேண்டும் என்று சில ஒப்பந்தங்களே கேட்கின்றன. ரசீதுக்கு 'ரெசீபோ' அல்லது 'திக்கெத்'.

திருப்பித் தரும்போது

விமானத்துக்கு அவசரமாக ஓடும் நாளில்தான் சேதக் கணக்கு நடக்கிறது. அதற்கென அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஊழியர் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். முடிந்ததும் "எஸ்தா தோதோ பியென்?" (எல்லாம் சரியா?) என்று கேட்டு, அவர் ஆம் என்றால் அதைத் தாளிலோ மின்னஞ்சலிலோ தரச் சொல்லுங்கள். இரவில் அலுவலகம் மூடியிருந்தால் சாவியைப் பெட்டியில் போடச் சொல்வார்கள். பல ஒப்பந்தங்களில் மறுநாள் அலுவலகம் திறக்கும் வரை கார் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும். நிறுத்திய இடமும், முள்ளும், கிலோமீட்டரும் தெரிய இன்னொரு காணொளி எடுத்துவிட்டே சாவியைப் போடுங்கள்.

இப்போது நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். முன் இடதுபுற யாந்தாவில் உரசல் என்று ஊழியர் 180 யூரோவும் நிர்வாகக் கட்டணம் 45 யூரோவும் கேட்கிறார். உங்கள் முதல் நாள் காணொளியில் அதே உரசல் இருக்கிறது என்றால், அதைக் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடியும். அவர் ஏற்கவில்லை என்றால் கையெழுத்துப் போடும் இடத்தில் 'நோ கோன்ஃபோர்மே' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தாளைப் பெற்றுக்கொண்டேன் என்பது அதன் பொருள். பிறகு "லா ஓஹா தே ரெக்லமாசியோனெஸ், போர் ஃபபோர்" என்று கேளுங்கள். அது அரசு வடிவத்தில் உள்ள புகார்ப் படிவம். வாடிக்கையாளர் கேட்டால் அதைத் தர வேண்டியது ஸ்பெயினில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கடமை. ஒரு படியை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, உங்கள் படியை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பின் பணம் எடுக்கப்பட்டால் உங்கள் வங்கியிடம் அந்தப் பற்றை மறுத்து முறையிடும்போது, அந்தப் படியும் காணொளியும் சேர்ந்தே வேலை செய்யும்.

உரசலை நீங்களே போட்டிருந்தால் வாதாட வேண்டாம். விலைப்பட்டியலையும் சேத அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். தனிக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த இரண்டும் இல்லாமல் ஒரு யூரோவும் திரும்பாது.

இன்னொரு வண்டியோடு மோதினால்

யாருக்காவது காயம் என்றால் முதலில் 112. அவசர உதவிக்கு அந்த ஒரே எண். காயம் இல்லாத மோதலில் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து ஒரு படிவத்தை நிரப்புவார்கள். 'பார்த்தே அமிஸ்தோசோ' என்பது அதன் பெயர், காரிலேயே இருக்கும். இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனிப் பத்திகள், நடுவில் எது நடந்தது என்று குறியிடும் கட்டங்கள், கீழே இருவரின் கையெழுத்து.

இந்தப் படிவம் ஐரோப்பிய நாடுகளில் ஒரே அமைப்பில் இருக்கிறது. மொழி மாறினாலும் கட்டங்களின் எண்கள் மாறுவதில்லை. அதனால் புறப்படும் முன் இதன் ஆங்கில வடிவம் ஒன்றை அச்சிட்டு வைத்துக்கொண்டால், ஸ்பானியப் படிவத்தின் எட்டாம் கட்டம் எதைக் கேட்கிறது என்பதை உங்கள் படியின் எட்டாம் கட்டத்தில் படித்துக்கொள்ளலாம். புரியாத கட்டத்தில் குறியிடாதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட பிறகு அதை மாற்ற முடியாது. காப்பீட்டாளர்கள் அதை வைத்தே யார் மீது தவறு என்று முடிவு செய்கிறார்கள். எதிரில் இருப்பவர் அவசரப்படுத்தினாலும், தெளிவில்லை என்றால் காவலரை அழைத்துவிடுவதே மேல்.

நகரத்துக்குள் டாக்சி

மாட்ரிட், பார்சலோனா போன்ற நகரங்களில் வாடகைக் கார் சுமைதான். நிறுத்த இடம் கிடைக்காது, மையப் பகுதிகளில் வண்டி நுழையக் கட்டுப்பாடுகள் உண்டு. நகரத்தில் இருக்கும் நாட்களில் டாக்சியில் போய்விட்டு, ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

டாக்சிக் கட்டணத்தை அந்தந்த நகர நிர்வாகம் நிர்ணயிக்கிறது. கட்டண அட்டை வண்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும். மாட்ரிட் டாக்சி வெள்ளை, கதவில் சாய்வாகச் சிவப்புப் பட்டை. பார்சலோனாவில் கறுப்பும் மஞ்சளும். கூரையில் பச்சை விளக்கு எரிந்தால் வண்டி 'லீப்ரே', அதாவது ஆளில்லாமல் இருக்கிறது. இரவிலும் விடுமுறையிலும் கட்டணம் கூடும். பேரம் பேசும் வழக்கம் இல்லை, மீட்டர்தான். அதை 'தக்சீமெத்ரோ' என்பார்கள்.

மாட்ரிட் விமான நிலையத்திலிருந்து எம்-30 வட்டச்சாலைக்குள் எங்கு போனாலும் 'தரீஃபா ஃபீஹா' என்ற நிலையான கட்டணம் உண்டு. 2024 முதல் அது 33 யூரோ. ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. பெட்டிகளுக்கும் தனியாக இல்லை. ஏறும்போதே "தரீஃபா ஃபீஹா, வெர்தாத்?" (நிலையான கட்டணம்தானே?) என்று கேட்டுவிடலாம். வேறு ஊரில் மீட்டர் ஓடும் பயணம் என்றால், "குவாந்தோ குவேஸ்தா, மாஸ் ஓ மேனோஸ்?" (ஏறத்தாழ எவ்வளவு ஆகும்?) என்று கேட்டால் ஓட்டுநர் சொல்லிவிடுவார். இறங்கும் இடம் வந்ததும் "அக்கீ எஸ்தா பியென்", பணம் கொடுக்கும்போது "ரெசீபோ, போர் ஃபபோர்". ரசீதில் வண்டியின் உரிம எண் இருக்கும். பை மறந்துவிட்டாலும், கட்டணத்தில் தகராறு வந்தாலும் அந்த எண்தான் வண்டியைக் கண்டுபிடிக்க உதவும்.

ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதிவு செய்யும் முன் ஃப்ராங்கீசியா எவ்வளவு என்று பாருங்கள், விலைகளை அதோடு சேர்த்து ஒப்பிடுங்கள். 'யேனோ – யேனோ' இல்லாத ஒப்பந்தத்தை விட்டுவிடுங்கள். சேதத் தாளில் நீங்கள் கண்டது எல்லாம் ஏறாமல், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.